ஆடிய பாவையும் ஆடாத பாவையும்

பழம்பொருள் கடையில் ஒரு தோல்பாவையோ மரப்பாவையோ விலைக்கு வரும்போது கூடவே ஒரு வயதும் வந்துவிடுகிறது. "நூறு வருஷத்துக்கு மேல இருக்கும் சார், பெரிய வீட்டுச் சரக்கு" என்பார்கள். இதை ஏற்பதும் கடினம், மறுப்பதும் கடினம். காரணம், கேள்வியே பொருத்தமில்லாதது. கூத்துக் குடும்பங்களில் புதுப் பாவை பெரும்பாலும் பழைய பாவையிலிருந்துதான் பிறக்கிறது. பழையதைப் புதுத்தோலின் மேல் வைத்து ஓரத்தைக் கோடிழுத்து, அதே துளைகளை அதே இடங்களில் பொளிகிறார்கள். முகவெட்டும் மகுடமும் புடவைக் கரையும் நூறாண்டுக்கு முந்தையவையாக இருக்கும். தோல் பத்தாண்டுக்கு முந்தையதாக இருக்கும். பாணியைப் பார்த்து வயது சொல்பவர் பாட்டனின் வயதைப் பேரனுக்குச் சொல்லிவிடுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆடி ஓய்ந்து, ஒட்டுப்போட இடமில்லாமல் கிழிந்த பாவையைக் கூத்தர்கள் குப்பையில் எறிவதில்லை. ஆற்றில் விடுவது தென்னாட்டில் பரவலான வழக்கம். விடுவதற்கு முன் உதவக்கூடிய கையையோ காலையோ கழற்றி வேறொரு பாவைக்கு மாட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே நிறைய ஆடிய பாவை நெடுநாள் இருந்ததில்லை, நெடுநாள் இருந்த பாவை நிறைய ஆடியதில்லை. இரண்டும் பொருந்திய ஒன்று கிடைப்பது அரிது.

அதனால் வயதைக் கேட்பதைவிட, "இது ஆடிய பாவையா? எந்த விளக்கில், எந்த வேடத்தில் ஆடியது? ஆட்டம் நின்றபின் யார் கையில் இருந்தது?" என்று கேட்பதே பயன் தரும். பதில் சொல்லக்கூடிய சாட்சிகள் மூன்று: வண்ணம், தையல், கைபட்ட தேய்மானம். வாங்குவோர் வண்ணத்தை முதலில் பார்க்கிறார்கள். என் கணிப்பில் எளிதாகப் பொய் சொல்லக்கூடியது அதுதான். தையல் அதைவிட நேர்மையானது. தேய்மானத்தைப் போலியாக உண்டாக்குவது மிகக் கடினம். பாவை எப்படி இயங்கும் என்று தெரியாமல் அதைச் செய்யவே முடியாது.

முதலில் தோலைப் பற்றிச் சில வார்த்தைகள். செருப்புத் தோலைப் போல இது பதனிட்ட தோல் அல்ல. ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிரையும் உட்புறச் சவ்வையும் சுரண்டி எடுத்து, இழுத்துக் கட்டி, முளையடித்துக் காயவைப்பார்கள். அவ்வளவுதான். பதனிடாததால்தான் விளக்கொளி ஊடுருவுகிறது. பதனிடாததால்தான் ஈரம் பட்டால் ஊதி நெளிகிறது, வறட்சியில் சுருண்டு முறிகிறது, பூச்சிக்கும் உணவாகிறது. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் ஒளி புகும்படி மெலிதாக்கிய தோலில் வண்ணம் தீட்டுகிறார்கள். திரையில் நிறத்தோடு நிழல் விழும். பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பராமாயணத்தைப் பாடி ஆடும் தோல்பாவைக்கூத்து வேறு வகை. அங்கே மான்தோல் வழக்கில் இருந்தது. பாவை கருநிழலாகவே விழும்; உருவத்தைச் சொல்வது நிறமல்ல, துளைகளின் வழியே வரும் வெளிச்சம். இந்த வேறுபாட்டை மறந்து, பாலக்காட்டுப் பாவையில் நிறம் மங்கியிருக்கிறது என்பதை வயதுக்குச் சான்றாகக் காட்டுவோர் இருக்கிறார்கள். அங்கே நிறத்தை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது.

எந்த ஊர்ப் பாவையானாலும் அதற்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று திரையைப் பார்க்கும், மற்றது விளக்கைப் பார்க்கும். தேங்காய் மூடியில் எண்ணெயூற்றித் திரியிட்ட விளக்குகள் வரிசையாக எரிந்த காலத்தில், விளக்கைப் பார்த்த முகத்தில் மெல்லிய புகைக்கரி படிந்தது. திரையைப் பார்த்த முகம் துணியில் உரசி மழமழப்பானது. பாலக்காட்டுக் கூத்துமாடத்தில் இருபத்தொரு விளக்குகள் எரியும். அங்கே இராமன் தரப்பு ஒரு பக்கத்திலும் இராவணன் தரப்பு எதிர்ப்பக்கத்திலும் நிற்பதால், ஒரு பாவையின் ஒரே முகம்தான் பெரும்பாலும் விளக்கைப் பார்க்கும். ஆகவே கரி ஒருபக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆந்திரப் பாவைகள் திரும்பித் திரும்பி ஆடுவன. அவற்றில் இந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் கறுத்த பாலக்காட்டுப் பாவை கிடைத்தால், அது திரைக்குப் பின்னால் கறுத்ததா, அடுப்புக்கு மேல் தொங்கிக் கறுத்ததா என்று கேட்க வேண்டும். எதிர்த்திசையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கும் பிறகு மின்விளக்கும் வந்தபின் திரைக்குப் பின்னே எண்ணெய்ப் புகையே இல்லை. கரி இல்லாததாலேயே ஒரு பாவை ஆடவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இனி வண்ணத்துக்கு வருவோம். தோலில் தீட்டப்படுவது பெரும்பாலும் சாயம். அது தோலின் நாருக்குள் ஊறிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் செயற்கைச் சாயங்கள் சந்தைக்கு வந்தன. முதல் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது 1856இல். பிறகு கத்தரிச் சிவப்பு, பளிச்சென்ற பச்சை, மினுங்கும் ரோஜா என்று ஒவ்வொன்றாகச் சந்தையில் சேர்ந்தன. ஆகவே "இது முழுக்க மூலிகைச் சாயம்" என்பதைக் கேட்டதும் நம்ப வேண்டியதில்லை. பழைய பாவைகளிலும் பொட்டலச் சாயம் உண்டு. 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சை இருட்டறையில் அடித்துப் பார்த்தால் சில ரோஜாச் சாயங்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அது செயற்கைச் சாயம் என்பதற்கு அடையாளம்; புதுப் பாவை என்பதற்கு அடையாளம் அல்ல. கடைசியாகத் தொட்டு வண்ணம் பூசிய இடங்கள் சுற்றுப்புறத்திலிருந்து வேறாகத் தெரியும் என்பதுதான் அந்த டார்ச்சின் உண்மையான பயன்.

வண்ணத்தில் எனக்கு நம்பிக்கையுள்ள சோதனை வேறு. பாவையின் தோள், முழங்கை, இடுப்பு ஆகிய மூட்டுகளில் ஒரு தோல் துண்டின்மேல் இன்னொன்று படிந்திருக்கும். மேல்துண்டை மெதுவாக நகர்த்தி, மறைந்திருந்த இடத்தைப் பாருங்கள். உண்மையிலேயே வெளிச்சத்தில் மங்கிய பாவை என்றால், மறைந்த பகுதியில் சாயம் இன்னும் பளிச்சென்று இருக்கும். வெளியிலும் உள்ளிலும் ஒரே அளவு மங்கல் இருந்தால், உறுப்புகளைக் கோப்பதற்கு முன்பே யாரோ மங்கலாக்கிவிட்டார்கள் என்று பொருள். நடுக்குச்சியின் அடியிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

மங்கலைப் பற்றி இன்னொன்று. எண்ணெய் விளக்கு சாயத்தை அவ்வளவாக வெளுப்பதில்லை. பகல் வெளிச்சமே வெளுக்கிறது. கூத்தர் வீட்டில் பாவைகள் பெட்டிக்குள் இருட்டில் கிடப்பவை. அதனால் நன்றாக ஆடிய பாவை நிறத்தில் நன்றாகவே இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, மறுபக்கம் செழிப்பாக இருக்கும் பாவை சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது; அந்த மங்கல் அதன் கூத்து வாழ்க்கைக்குச் சான்றல்ல, வரவேற்பறை வாழ்க்கைக்குச் சான்று. வாங்குவோர் இதை நேர்மாறாகப் புரிந்துகொண்டு, வெளுத்ததற்குக் கூடுதல் விலையும் செழித்ததற்குக் குறைந்த விலையும் தருகிறார்கள்.

துளைகளின் ஓரமும் பேசும். உளியால் பொளிந்தபின் வண்ணம் தீட்டிய பாவையில், துளையின் வெட்டுவாயிலும் சாயம் சிறிது ஊறியிருக்கும். பழைய துளையின் விளிம்பு மழுங்கி, உள்ளே தூசியும் எண்ணெயும் கெட்டித்திருக்கும். வண்ணத்துக்குப் பின் பொளிந்த துளையின் வாய் வெளிறிய கொம்பு நிறத்தில், கூர்மையாகத் தெரியும். சாதாரணமான ஒரு பழைய பாவையை அதிக வேலைப்பாடுள்ளதாகக் காட்ட, மகுடத்திலும் ஆடையிலும் புதுத்துளைகள் சேர்ப்பது நடக்கிறது. பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று இருந்தால் இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

தையலும் முடிச்சும் இன்னும் விரிவாகப் பார்க்கத் தக்கவை. மூட்டுகளை இணைப்பது நூலாக இருக்கலாம், மெல்லிய தோல்வாராக இருக்கலாம். இரண்டு பக்கமும் முடிச்சிட்டு, உறுப்பு தளர்வாக ஆடும்படி விட்டிருப்பார்கள். நடுக்குச்சி பிளந்த மூங்கிலாகவோ பனைமட்டைச் சிம்பாகவோ இருக்கும். அதன் இரு பாதிகளுக்கிடையே பாவையைச் செருகி, இணை இணையாகத் துளையிட்டு நூலால் கட்டுவார்கள். நூல், முடிச்சு, குச்சி மூன்றும் தேய்ந்து மாற்றப்படுபவை. அவை புதிதாக இருப்பது குற்றமில்லை. ஆனால் அவை மாறும்போது துளை மாறுவதில்லை. ஆகவே நூலைப் பார்க்காமல் துளையைப் பார்க்க வேண்டும்.

பல இரவுகள் ஆடிய மூட்டின் துளை வட்டமாக இருக்காது. கை எந்தப் பக்கம் இழுபட்டதோ அந்தப் பக்கமாக நீண்டு, நீர்த்துளி வடிவில் இருக்கும். துளையைச் சுற்றி முடிச்சு உரசிய இடத்தில் சாயம் வட்டமாகத் தேய்ந்திருக்கும். சில துளைகள் முழுதும் கிழிந்து ஓரத்துக்கு வந்துவிட, பக்கத்தில் இரண்டாவது துளை இட்டிருப்பார்கள். கைவிடப்பட்ட முதல் துளையும் பயன்பாட்டிலுள்ள இரண்டாவதும் அடுத்தடுத்து இருப்பது நல்ல அறிகுறி.

பச்சைத்தோலின் இயல்பு இங்கே நமக்கு உதவுகிறது. தோல் இளசாக, சற்று ஈரப்பதத்தோடு இருக்கும்போது இட்ட துளை வழவழப்பான வாயோடு இருக்கும். பல ஆண்டுகள் காய்ந்து கொம்புபோல் ஆன தோலில் இன்று ஊசியை ஏற்றினால், துளையிலிருந்து நுண்ணிய வெடிப்புகள் கதிர்போல் ஓடும். விற்பதற்காக அண்மையில் "பழைய ஒட்டு" போட்ட பாவைகள் பிடிபடுவது இங்கேதான். உண்மையான ஒட்டில் தையல் நூல் தோலில் அழுந்திப் பள்ளம் விட்டிருக்கும். நூலைச் சற்று விலக்கினால் அடியில் பள்ளமும் அழுக்கில்லாத கீற்றும் தெரியும். ஒட்டுத் துண்டு வேறொரு பாவையிலிருந்து வந்ததாக இருந்தால் அதில் ஒரு காலின் நகையோ சேலையின் பூவோ தலைகீழாகக்கூட இருக்கும். அழகு பார்க்காமல் பாவையை மறுநாள் இரவுக்குத் தயார்செய்த கூத்தர் குடும்பத்தின் வேலை அது. அழகாக, நிறம் பொருத்தி, சமமான இடைவெளியில் தைத்த ஒட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

நூலின் வகையும் ஓரளவு காலம் சொல்லும். நைலான் இழை இரண்டாம் உலகப்போருக்குப் பின்தான் பரவலானது. மீன்பிடி நைலானால் கட்டிய மூட்டு, அந்தப் பழுதுபார்ப்பு அதற்குப் பிந்தையது என்பதை உறுதியாகச் சொல்கிறது. பாவை பிந்தையது என்று சொல்லவில்லை. பருத்தி நூல் இருந்தாலோ ஒன்றுமே சொல்லவில்லை; பருத்தி நூல் இன்றும் கடையில் கிடைக்கிறது.

தேய்மானத்தைப் படிக்க, யார் எவ்வளவு நேரம் திரையில் வருவார் என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ்த் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஓயாத உழைப்பாளிகள். இராமாயணமானாலும் நல்லதங்காள் கதையானாலும் அவர்கள் வருவார்கள், குதிப்பார்கள், அடித்துக்கொள்வார்கள். அதனால் ஒரே பெட்டியிலிருந்து வந்த பாவைகளில் கோமாளிகளே அதிகம் கிழிந்தும் ஒட்டுப்பட்டும் இருக்க வேண்டும். அனுமனுக்கும் அடி அதிகம். பத்துத்தலை இராவணன் பெரும்பாலும் நின்று பேசுபவன். அவனுக்கு மூட்டுத் தேய்மானம் குறைவு. அகலமான தலைவரிசையின் முனைகள் பெட்டிக்குள் மடங்கி முறிந்திருக்கும். பட்டாபிஷேகக் காட்சியைப்போல ஒரே தோலில் பலர் அமர்ந்திருக்கும் பாவை ஓர் இரவில் ஒருமுறை வந்து போகும். இராமனும் கோமாளியும் பட்டாபிஷேகமும் ஒரே அளவில் தேய்ந்த "முழுத் தொகுப்பு" யாராவது காட்டினால், அவை ஒரே கையால், ஒரே வாரத்தில் தேய்க்கப்பட்டவை என்று நினைக்கலாம்.

ஒரு பாவைக்குள்ளும் தேய்மானம் பரவலாக இருக்காது. பாதத்தின் கீழோரமும் திரையில் தட்டும் மூக்கு, முன்கை நுனிகளும் முதலில் மழுங்கும். திரையில் நிறுத்திவைக்க முள்ளால் குத்தும் வழக்கமுள்ள மரபுகளில் மகுடத்திலும் தோளருகிலும் நுண்துளைகள் கூட்டமாக இருக்கும். கைக்குச்சி கட்டிய உள்ளங்கையில் தோல் கறுத்துக் கெட்டித்திருக்கும். நடுக்குச்சியின் பிடி, உள்ளங்கை வியர்வையால் பளபளத்து, பிடிக்கு மேலே சட்டென்று மங்கும். பிடி மட்டும் பளபளக்க வேண்டும்; குச்சி முழுவதும் பளபளத்தால் அது செருப்பு மெருகு. தேயிலைச் சாயம், அடுப்புப் புகை, மெருகு எல்லாம் கை போகாத இடங்களுக்கும் போய்விடும் என்பதுதான் போலிக்காரரின் தொல்லை.

சேலையில் சுற்றி விற்பனைக்கு வந்த ஓர் உச்சிக்குடும்பன் பாவையை நான் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். குடுமி, தொந்தி, இரண்டு கையும் அசையும். "தாத்தா காலத்துது" என்றார் விற்றவர். முதலில் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். உடலின் தோல் தேன்நிறத்தில் ஒளிபுகும்படி இருந்தது. மயிர்க்கால்கள் சற்று வளைந்த வரிசைகளில், பெரிய புள்ளிகளுக்கிடையே சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. ஆட்டுத்தோலுக்கு அது இயல்பு. இடக்கையின் தோல் மட்டும் தடித்து, வெளிச்சம் குறைவாகப் புகுந்தது. அப்போதே ஐயம் வந்தது: இந்தக் கை இந்த உடலோடு பிறந்ததா?

தோள் மூட்டுகளைப் பார்த்தேன். வலத்தோளில் கிழிந்த ஒரு துளையும் அதற்கு உள்ளே புதிய துளையும் இருந்தன. வலக்கையை நகர்த்தியபோது அடியில் சிவப்பு செழிப்பாக இருந்தது. வெளியே அது செங்கல் நிறமாகியிருந்தது. இடத்தோளில் கையை நகர்த்தியபோது அடியில் முடிச்சு உரசிய இரண்டு வட்டங்கள் தெரிந்தன. ஒன்று இப்போதைய முடிச்சினுடையது, மற்றது அதைவிடப் பெரியது. முன்பு வேறொரு கை, வேறொரு தடித்த வாரால், அங்கே கட்டப்பட்டிருந்தது. இப்போதைய இடக்கையில் வளையல் இருந்தது. உச்சிக்குடும்பன் வளையல் போடுபவனல்ல. பெண் பாவை ஒன்றின் கை அது. முடிச்சு நைலான். கையின் துளை நீர்த்துளி வடிவில் நீண்டிருந்தது. ஆனால் இழுபட்ட திசை இந்த உடலில் அது தொங்கும் திசையோடு பொருந்தவில்லை.

இதுவரை பார்த்தது கூத்தர் செய்த பழுதா, வியாபாரி செய்த பழுதா? அதை முடிவு செய்தது நடுக்குச்சி. குச்சி புதிது, கட்டிய நூலும் புதிது. ஆனால் தொந்தியின் இருபுறமும் மூன்று தலைமுறைக் கட்டுத்துளைகள் இருந்தன, கடைசி இணை மட்டும் பயன்பாட்டில். நைலான் முடிச்சைச் சுற்றி உடலின் தோல் மறுபடியும் தேய்ந்திருந்தது. அதாவது கை மாறிய பிறகும் பாவை ஆடியிருக்கிறது. வியாபாரிக்குக் கையை மாற்றத் தெரியும்; மாற்றியபின் பல இரவுகள் ஆட்டுவதற்கு அவருக்கு வேலையில்லை. பின்பக்கத்தில் எண்ணெய்க்கரி இல்லை. கீழோரத்தில் மட்டும் மண் ஏறியிருந்தது. என் முடிவு: நல்ல உழைப்பாளிப் பாவை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், புகையில்லாத விளக்கில் ஆடியது. தாத்தா காலம் என்பதற்குச் சான்றில்லை. "பொருத்தமில்லாத கை" என்று பேரம் பேசுபவர்கள் விலையைக் குறைக்கலாம். என்னைக் கேட்டால் அந்த வளையல் கைதான் அதன் பத்திரம்.

மரப்பாவைக்கு வரும்போது அளவுகோலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் பாவையின் பாரம் ஆட்டுநரின் தலையில் இருக்கிறது. துணி சுற்றிய வளையத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து தொங்கும் கயிறுகளால் பாவையின் தலையையும் உடலையும் ஆட்டுகிறார். கைகளை இரண்டு இரும்புக் கம்பிகளால் இயக்குகிறார். பெரிய பாவைகள் நாலரை அடி உயரமும் பத்துக்கிலோ எடையும் வரை இருக்கும். அதனால்தான் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்குகிறார்கள். இலேசான மரம் என்றால் மென்மையான மரம். மோதல் எல்லாம் பதியும், பூச்சியும் எளிதில் ஏறும்.

தோலில் சந்தேகத்துக்குரியதாக இருந்த மறுபூச்சு இங்கே இயல்பு. திருவிழாப் பருவத்துக்கு முன் முகத்துக்கு வண்ணம் அடித்துக் கண் எழுதுவது வழக்கமான பராமரிப்பு. பளபளக்கும் எனாமல் பெயிண்ட் கொண்ட முகம் பழைய பாவையாக இருக்கலாம். பார்க்க வேண்டியது மேல்பூச்சை அல்ல, அடுக்குகளை. காதுமடலின் பின்புறத்திலோ கழுத்தின் அடியிலோ பெயர்ந்த ஓர் இடம் கண்டிப்பாக இருக்கும். அங்கே கண்ணாடியை வைத்தால் மரம், அதன்மேல் வெண்பூச்சு, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணங்கள் என்று படிப்படியாகத் தெரியும். அடுக்குகளுக்கிடையே மெல்லிய கருங்கோடு இருந்தால், ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே அழுக்குப் படியுமளவு காலம் போயிருக்கிறது. போலிக்காரர் நான்கு பூச்சைப் பூசலாம். நான்கு பருவத்து அழுக்கை இடையிடையே வைப்பது கடினம். பலமுறை பூசியதால் உதடும் இமையும் கூர்மை இழந்து மொத்தையாகியிருப்பதும் நல்ல சான்று. அதைச் சுரண்டி "அசல் முகத்தை" வெளிக்கொண்டுவரும் வேலை சந்தையில் நடக்கிறது. அது பாவையின் வரலாற்றை அழிப்பது.

ஆய்வகத்தின் உதவி கிடைத்தால் ஒரு தெளிவான எல்லைக்கோடு உண்டு: டைட்டானியம் வெள்ளை 1920களுக்குப் பின்தான் பெயிண்டில் வழக்கத்துக்கு வந்தது. அது மேலடுக்கில் இருந்தால் பொருட்டில்லை. மரத்தை ஒட்டிய முதல் வெண்பூச்சிலேயே இருந்தால், பாவை அதற்கு முன் பிறக்கவில்லை என்று வழக்கை முடித்துவிடலாம்.

மரப்பாவையின் தேய்மானம் அதன் பாரம் இறங்கும் வழியைப் பின்பற்றும். தலையின் இருபுறமும் காதருகே கயிறு மாட்டும் இரும்புக் கொக்கியைச் சுற்றி மரம் அமுங்கி, துருக்கறை மர இழை ஓடும் திசையில் கீழே இறங்கியிருக்கும். துரு புதிதாகப் பூசியதாக இருந்தால் மேலே மட்டும் நிற்கும். ஈரமும் வியர்வையும் சேர்ந்து இறக்கியது மரத்துக்குள் ஊறியிருக்கும். கம்பி செருகும் கையில் துளை முட்டைவடிவமாகும். இரு கைகளும் ஆட்டத்தில் ஒன்றையொன்று தட்டுவதால் விரல் கணுக்களில் வண்ணம் திரும்பத் திரும்பப் பெயர்ந்திருக்கும். ஆடைக்குள் மறைந்த உடலில் வண்ணமே இருக்காது. ஆனால் இடுப்புத்துணி கட்டிய இடத்தில் கயிற்றுத் தடம் பளபளக்கும். ஆடையைத் தூக்கிப் பார்க்கவிடாத விற்பனையாளரிடம் மேலே பேசாதீர்கள். ஆடை அடிக்கடி மாறுவது. அது புதிதென்றாலும் பழையதென்றாலும் எதுவும் நிரூபணமாகாது.

பூச்சித்துளை பழமைக்குச் சான்று என்பது பரவலான நம்பிக்கை. மென்மரத்தில் ஓராண்டிலேயே பூச்சித்துளை விழும். ஆனால் துளையின் வடிவம் ஒன்றைச் சொல்லும். பூச்சி மரத்துக்குள் சுரங்கம் தோண்டி, கடைசியில் வட்டத்துளை வழியே வெளியேறுகிறது. மேற்பரப்பில் வட்டத்துளைகள் மட்டும் இருப்பது இயல்பு. செதுக்கிய கன்னத்திலோ கையிலோ சுரங்கமே நீளவாட்டில், பாதி திறந்த வாய்க்காலாகத் தெரிந்தால், பூச்சி அரித்த பழைய மரத்தை எடுத்துப் பிறகு செதுக்கியிருக்கிறார்கள். இந்தச் சோதனைக்குக் கருவி வேண்டாம், கண் போதும்.

இவ்வளவுக்குப் பின்னும் ஐயம் தீராத பெரிய விலைப் பொருளுக்கு இரண்டு ஆய்வகச் சோதனைகள் பயன்படும். 1950களின் நடுவிலிருந்து நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அதற்குப் பின் வாழ்ந்த ஆட்டின் தோலில் அந்தக் கூடுதல் பதிந்திருக்கும். ஆகவே கார்பன் சோதனை "நூறாண்டு" என்ற கூற்றைப் பொய் என்று காட்ட வல்லது. ஆனால் 1800ஆ 1900ஆ என்று பிரித்துச் சொல்ல அதனால் ஆகாது. இரண்டாவது, சிறு துகளிலுள்ள புரதத்தை அளந்து எந்த விலங்கின் தோல் என்று அறிவது. மானா ஆடா என்ற கேள்வி கலைக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் உரியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான்தோல் பொருள்களின் வணிகத்தைத் தடைசெய்கிறது. பழைய பாவை என்பது விலக்காகாது. அதே 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறாண்டு என்று சொல்லி விற்பவரிடம், ஏற்றுமதிக்கும் அதே வயதை எழுதித் தருவீர்களா என்று கேட்டால், வயது அங்கேயே பாதியாவதைப் பார்க்கலாம்.

வீட்டில் பாவை வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஈரப்பஞ்சால் துடைக்காதீர்கள், பச்சைத்தோல் ஊதும், சாயம் ஓடும். நெளிந்த பாவையை இஸ்திரிப் பெட்டியால் தட்டையாக்காதீர்கள். சூட்டில் தோல் சுருங்கிக் கூடுகட்டிவிடும், மீட்க முடியாது. சட்டம் போடுவதற்காகக் குச்சியைக் கழற்றினால் அதையும் அறுத்த நூலையும் ஓர் உறையிலிட்டு, எந்தப் பாவையுடையது என்று எழுதி வையுங்கள். எந்த ஊர்க் குழுவிடமிருந்து, எந்த ஆண்டில் வாங்கியது என்பதையும் அதே உறையின் மேல் எழுதுங்கள். மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் அந்த ஒரு வரி இல்லாத குறையை ஈடுகட்டத்தான் தேவைப்படுகின்றன.